27 வருட ரெஸ்யூமே, 9 வருட வேலை: ஐந்து பக்கம் இரண்டான கதை

ரெஸ்யூமேயைச் சுருக்க என் உதவியைக் கேட்ட ஒருவரின் கதை இது. இவர் டேட்டாபேஸ் துறைக்காரர். 1998-ல் புரோகிராமராகச் சேர்ந்து, டேட்டாபேஸ் நிர்வாகியான டி.பி.ஏ. ஆகி, குழுத் தலைவராகி, டெலிவரி மேலாளராகி, பிறகு அந்த நாற்காலியை விட்டுவிட்டுக் கைவேலைக்கே திரும்பியவர். 2016 முதல் அவர் செய்வதெல்லாம் ஒரே வகை வேலை: ஆரக்கிளில் ஓடும் பெரிய டேட்டாபேஸ்களை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுவது, அதாவது மைக்ரேஷன். அடுத்த வேலையும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்.

அவர் குறிவைத்தது பணப் பரிவர்த்தனை மென்பொருள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் மைக்ரேஷன் லீட் பதவி. வேலை விவரக் குறிப்பான ஜே.டி. நீளமாக இருந்தாலும் அதில் உயிர்நாடியான வரிகள் ஐந்துதான். எட்டு வருடமாவது டேட்டாபேஸ் அனுபவம்; ஆரக்கிள்–போஸ்ட்கிரெஸ் மாற்றத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்திருக்க வேண்டும்; கட்ஓவரை, அதாவது பழைய அமைப்பை விட்டுப் புதியதற்கு மாறும் கடைசிக் கட்டத்தை, சேவை அதிகம் நிற்காமல் செய்யத் தெரிய வேண்டும்; ஆறு பேரை வழிநடத்திக்கொண்டே தானும் கோட் எழுத வேண்டும்; நிதித்துறைப் பழக்கம் இருந்தால் நல்லது.

ஐந்தும் அவரிடம் இருந்தன. இருந்தும் இதே மாதிரியான பதவிகளுக்குச் சில மாதங்களாக அனுப்பிய ரெஸ்யூமேக்களுக்குப் பதிலே இல்லை. வந்த ஒன்றிரண்டு அழைப்புகளும் டெலிவரி தலைவர் பதவிக்கு. இந்த அறிகுறியைக் கவனிக்க வேண்டும். தவறான பதவிக்கு அழைப்பு வருகிறதென்றால் ரெஸ்யூமேயை யாரோ படிக்கிறார்கள். ஆனால் அதில் அவர்களுக்குத் தெரியும் ஆள் வேறு ஒருவர்.

ஐந்து பக்கத்தில் என்ன இருந்தது

வெட்டத் தொடங்குவதற்கு முன் வரிகளை எண்ணச் சொன்னேன். மொத்தம் 210 வரிகள். 2009-க்கு முந்தைய மூன்று வேலைகளுக்கு 84 வரி. 2009 முதல் 2016 வரை, அதாவது குழுத் தலைவராகவும் டெலிவரி மேலாளராகவும் இருந்த காலத்துக்கு 40 வரி. 2016-க்குப் பிந்தைய வேலைக்கு 58 வரி. மிச்சமிருந்த 28-ல் முன்னுரை, திறன் பட்டியல், படிப்பு, பயிற்சிகள்.

பிறகு ஜே.டி.யின் அந்த ஐந்து வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவற்றில் ஏதாவது ஒன்றுக்குச் சான்று சொல்லும் வரிகளை மட்டும் மஞ்சளில் தீட்டச் சொன்னேன். 2016-க்குப் பிந்தைய 58 வரிகளில் மஞ்சள் ஏறியவை 17. அதற்கு முந்தைய 124 வரிகளில் 9.

பழைய வரிகளில் மஞ்சள் குறைவாக இருப்பது எதிர்பார்த்ததுதான். புதிய வரிகளிலும் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை என்பதுதான் உண்மையான நோய். நீண்ட அனுபவக்காரர்களின் ரெஸ்யூமேயில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முதல் வேலையைப் பற்றி எழுதியபோது அவர்களுக்கு எழுத வேறு எதுவும் இல்லை. அதனால் செய்த ஒவ்வொன்றையும் எழுதினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் மேலே நான்கைந்து வரி சேர்ப்பார்கள், கீழே இருப்பதைத் தொட மாட்டார்கள். கடைசி வேலை அவசரத்தில் சேர்த்தது என்பதால் "மைக்ரேஷன் பணிகளை வழிநடத்தினேன், பல குழுக்களுடன் ஒருங்கிணைந்து செயல்பட்டேன்" என்ற அளவில் நின்றுவிடும். ஆகவே பழையதை வெட்டுவது இந்த வேலையில் பாதிதான். மறு பாதி, இதுவரை சரியாக எழுதப்படாத அண்மைக் காலத்தை எழுதுவது. வெட்ட மட்டும் செய்தால் ஐந்து பக்கச் சோர்வுக்குப் பதில் ஒன்றரைப் பக்க வறட்சிதான் மிஞ்சும்.

எங்கே வெட்டுவது

கடைசிப் பத்து முதல் பதினைந்து வருடங்களைக் காட்டினால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தொடங்குவதற்கு அது நல்ல கணக்குதான், ஆனால் கோடு கிழிக்க அதை மட்டும் நம்பக்கூடாது. பத்து என்று வைத்தால் இவருக்கு வெட்டு 2015-ல் விழும்: ஒரு டெலிவரி மேலாளர் பதவியின் நடுவில். பதினைந்து என்றால் 2010-ல், குழுத் தலைவர் பதவியின் நடுவில். இரண்டுமே அர்த்தமில்லாத இடங்கள். எந்த வேலையிலிருந்து இன்றைய வேலை தொடங்குகிறதோ அந்த வேலையின் தொடக்கத்தில் கோடு விழ வேண்டும். இவருக்கு அது 2016. அந்த வருடம்தான் மைக்ரேஷன் ஆர்க்கிடெக்ட் ஆனார்.

அவருடைய முதல் முயற்சி இதை அப்படியே எடுத்துக்கொண்டது. 2016-க்கு முந்தைய எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பக்கத்தில் இரண்டே வேலைகளை நிறுத்தினார்: 2016 முதல் 2021 வரை ஒரு பெரிய சேவை நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட், 2021 முதல் இன்று வரை ஒரு சில்லறை வணிக நிறுவனத்தில் தலைமை டேட்டாபேஸ் பொறியாளர். பார்ப்பதற்குச் சுத்தமாக இருந்தது. அந்த வடிவத்தை ஓரிரு இடங்களுக்கு அனுப்பியபோது, முதல் போன் அழைப்பிலேயே கேள்வி வந்தது: "2016-க்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஒருவருடைய முதல் வேலையே ஆர்க்கிடெக்ட் பதவி என்று எந்த ரெக்ரூட்டரும் நம்ப மாட்டார். வேர் தெரியாத பக்கத்தைப் பார்த்தால் எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும். மைக்ரேஷனைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய கால் மணி நேரம் பழைய கதையில் போய்விட்டது. வெட்டு அளவுக்கு மீறிப் போனதற்கு இதுவே அடையாளம்: உரையாடல் நீங்கள் அழித்த பகுதியில் போய் நிற்கும்.

ஒரே நிறுவனத்தில் பன்னிரண்டு வருடம்

இந்த நிகழ்வில் அதிக நேரம் எடுத்தது இந்த முடிச்சுதான். அந்தச் சேவை நிறுவனத்தில் அவர் சேர்ந்தது 2016-ல் அல்ல, 2009-ல். முதலில் டி.பி.ஏ. குழுத் தலைவர், 2013-ல் டெலிவரி மேலாளர், 2016-ல் ஆர்க்கிடெக்ட். நிறுவனம் ஒன்று, பதவிகள் மூன்று. பொருத்தமான வேலை மூன்றாவதில்தான் தொடங்குகிறது.

நிறுவனத்தின் பெயருக்கு நேராக "2016–2021" என்று எழுதியதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போது பழைய நிறுவனத்திடம் கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிப் பதவி. அங்கிருந்து 2009 என்று பதில் வரும். ரெஸ்யூமேயில் 2016 இருக்கும். இவர் பொய் சொல்லவில்லை, பதவியின் தேதியைத்தான் எழுதினார். ஆனால் சரிபார்ப்பவரின் அட்டவணையில் அது ஒரு முரண்பாடாகத்தான் பதிவாகும். அவருடைய ஆன்லைன் புரொஃபைலிலும் 2009 என்றே இருந்தது. வேலைக்கு எடுப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சாதாரணமாக நடப்பது.

எனவே அமைப்பை மாற்றினோம். நிறுவனத்தின் பெயருக்கு நேராக முழுக் காலம்: 2009–2021. அதற்குக் கீழே உள்தள்ளி ஆர்க்கிடெக்ட் பதவி, 2016–2021, விரிவான வரிகளோடு. அதற்கும் கீழே ஒரே ஒரு வரி: "இதே நிறுவனத்தில் முன்பு: டெலிவரி மேலாளர், 2013–2016, டி.பி.ஏ. குழுத் தலைவர், 2009–2013." விளக்கம் எதுவும் கிடையாது. இப்போது பக்கத்தில் தெரிவது பதினாறு வருடம், ஆனால் பேசுவது ஒன்பது வருடம். பதவி உயர்ந்து வந்த வரலாறும் ஒரு வரியில் கிடைத்துவிடுகிறது. "ஆர்க்கிடெக்டாகவே பிறந்தாரா" என்ற சந்தேகத்துக்கும் அதுவே பதில்.

ஒரே நிறுவனத்தில் இருபது, இருபத்தைந்து வருடம் இருந்தவர்களுக்கு இந்த அமைப்பு அப்படியே உதவாது. நிறுவனத்தின் முழுக் காலத்தைப் போட்டாலே மொத்த அனுபவமும் வெளியே வந்துவிடும். அவர்கள் நிறுவனப் பெயருக்கு நேராகத் தேதி போடாமல் பதவிக்கு நேராக மட்டும் போடலாம். "இதே நிறுவனத்தில் முந்தைய பொறுப்புகளும் உண்டு" என்று ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும். தேதி எதற்கு உரியது என்று படிப்பவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தால் அது விடுபடுதல்தான், திரிப்பு அல்ல. பதவித் தேதியை நிறுவனத் தேதி போலத் தெரியும்படி வைத்தால்தான் வம்பு.

டெலிவரி மேலாளர் பதவியை அரை வரிக்குச் சுருக்கியதில் அவருக்கு வருத்தம். அறுபது பேர், நான்கு வாடிக்கையாளர்கள், பெரிய பட்ஜெட். வாழ்க்கையில் எட்டிய உயரமே அதுதான் என்று நினைத்திருந்தார். "இதையும் எடுத்துட்டா நான் என்னதான் சார் சாதிச்சேன்?" என்றார். ஆனால் ஆறு பேர் குழுவை நடத்திக்கொண்டே கோட் எழுத ஆள் தேடுபவர், "அறுபது பேர்" என்ற வரியைப் படித்ததும் இரண்டு முடிவுக்கு வந்துவிடுவார்: இவர் கீபோர்டைத் தொட்டுப் பல காலம் ஆகியிருக்கும், இந்தப் பதவி இவருக்குச் சிறிதாக இருக்கும். வந்த அழைப்புகளெல்லாம் டெலிவரி தலைவர் பதவிக்கே இருந்ததற்கு அந்த எட்டு வரிப் பத்திதான் காரணம் என்பது என் கணிப்பு. ஆட்களை நடத்தத் தெரியும் என்பதற்குச் சான்று இப்போதைய வேலையிலேயே இருந்தது. எட்டுப் பேர் குழுவை நடத்திக்கொண்டே தானும் ஸ்கிரிப்ட் எழுதுகிறார். ஜே.டி.க்கு வேண்டியதும் அந்த அளவுதான்.

பழையதில் எது தங்கும்

2009-க்கு முந்தைய மூன்று வேலைகளில் இரண்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. விஷுவல் பேசிக் 6, ஆரக்கிள் ஃபார்ம்ஸ், விண்டோஸ் என்டி 4.0 என்று அன்றைய கருவிகள் வரிசையாக இருந்தன. விண்டோஸ் என்டி 4.0 வந்தது 1996-ல். ஒரு திறன் பட்டியலில் அது இருந்தால் வருடம் எதுவும் எழுதாமலே காலம் தெரிந்துவிடும். வேலைத் தேதிகளை வெட்டிவிட்டுத் திறன் பட்டியலை அப்படியே விட்டுவிடுவது பலர் செய்வது. இவருடைய பட்டியலில் 46 பெயர்கள் இருந்தன. இன்று இரவு உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னால் எதை எதைத் தொட முடியும் என்று கேட்டதில் 17 மிஞ்சின. "ஆரக்கிள் 8ஐ, 9ஐ, 10ஜி, 11ஜி, 12சி, 19சி" என்ற நீண்ட வால் "ஆரக்கிள் (19சி வரை)" என்று சுருங்கியது. 9ஐ காலத்துச் சான்றிதழ் போனது, போஸ்ட்கிரெஸ் சான்றிதழ் தங்கியது. பட்டப்படிப்பு தங்கியது, தேர்ச்சி பெற்ற வருடம் போனது.

2005 முதல் 2009 வரை ஒரு வங்கியில் மூத்த டி.பி.ஏ.வாக இருந்ததை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. ஜே.டி.யின் ஐந்தாவது வரி நிதித்துறைப் பழக்கம். அவருடைய மொத்தப் பணி வாழ்க்கையிலும் அது இருந்தது அந்த நான்கு வருடத்தில்தான். 2007-ல் வங்கியின் கணக்கு விவரங்கள் முழுவதையும் ஒரே வார இறுதியில் புதிய மைய அமைப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். வெள்ளி இரவு பழைய அமைப்பை மூடி, திங்கள் காலை கிளைகள் திறப்பதற்குள் ஒவ்வொரு கணக்கின் இருப்பும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று தணிக்கையாளர்கள் முன்னிலையில் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். கருவிகள் பழையவை. ஆனால் பணம் சம்பந்தப்பட்ட தரவில் "கிட்டத்தட்டச் சரி" என்று ஒன்று கிடையாது என்ற ஒழுக்கம் பழசாகவில்லை.

பழையதில் ஒன்று தங்குவதற்கு நான் வைக்கும் சோதனை இது: புதிய வேலை கேட்கும் ஒன்றுக்கு இது சான்றா, அந்தச் சான்று அண்மை வருடங்களில் எங்கும் இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் தங்கலாம். வங்கி வேலை இதில் தேறியது. 2003-ல் ஒரு தொழிற்சாலையில் பேக்அப் நேரத்தைப் பாதியாகக் குறைத்தது, அதுவும் பெருமையான வேலைதான், தேறவில்லை. அதைவிட நல்ல சான்று 2022-ல் இருந்தது.

கடைசிப் பக்கத்தின் அடியில் "முந்தைய அனுபவம்" என்று ஒரு சிறு பகுதி வைத்தோம். வங்கி வேலைக்கு இரண்டு வரி, மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி: பதவி, நிறுவனம், அவ்வளவுதான். இங்கே தேதிகள் இல்லை. விண்ணப்பங்களை வாங்கும் மென்பொருள்கள் பலவும் வேலைத் தேதிகளைப் படித்து அனுபவத்தைக் கூட்டிக்கொள்ளும். தேதி இல்லாத வரிகள் அந்தக் கூட்டலில் சேராமல் போகலாம். ஜே.டி. கேட்டது எட்டு, மேலே தேதியோடு இருப்பது பதினாறு என்பதால் இவருக்கு இழப்பில்லை. ஒரு பதவி இருபது வருடம் கேட்டிருந்தால் தேதியை எடுப்பது தற்கொலை.

முன்னுரையில் வங்கியைப் பற்றிச் சொன்ன விதத்திலும் கவனம் வேண்டியிருந்தது. அவர் எழுதிய முதல் வாக்கியம், மைக்ரேஷன் அனுபவம் முழுவதும் வங்கிகளில்தான் என்று தோன்றும்படி இரண்டையும் ஒட்டவைத்தது. அதைப் பிரித்து, "முன்பு வங்கியில்" என்று வெளிப்படையாக வைத்தோம். பழையதைப் புதியதுபோலக் காட்டும் வாக்கியம் நேர்முகத்தில் இரண்டாவது கேள்விக்கு மேல் தாங்காது.

அண்மை வருடங்களை எழுதுவது

இடம் கிடைத்துவிட்டது. இனி அதை நிரப்ப வேண்டும். பழைய ரெஸ்யூமேயில் ஆர்க்கிடெக்ட் பதவிக்குக் கீழே முதல் வரி இது:

"ஆரக்கிள் – போஸ்ட்கிரெஸ் மைக்ரேஷன் பணிகளை வெற்றிகரமாக வழிநடத்தி, பல்வேறு குழுக்களுடன் ஒருங்கிணைந்து, வாடிக்கையாளர் திருப்தியை உறுதிசெய்தேன்."

இதில் மைக்ரேஷன் என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் அந்த வேலையைச் சேர்ந்தது அல்ல. கட்டடக் காண்டிராக்டர்கூட மிச்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எனவே உட்கார்ந்து பேசினோம். எவ்வளவு பெரிய டேட்டாபேஸ்? நான்கு டெராபைட். எதை மாற்றுவது கடினமாக இருந்தது? டேட்டாவை நகர்த்துவது அல்ல. ஆரக்கிளின் உள்ளேயே பிஎல்/எஸ்க்யூஎல்-லில் எழுதிவைத்திருந்த சுமார் 600 புரொசீஜர்களை மாற்றி எழுதுவது. தானாக மாற்றும் கருவி முக்கால்வாசியைச் செய்தது, மிச்சத்தைக் கையால் எழுதினார்கள். என்ன மாதிரிப் பிழைகள் வந்தன?

இங்கே அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. ஆரக்கிள் காலியான எழுத்துச் சரத்தை, மதிப்பே இல்லை என்று குறிக்கும் 'நல்' ஆகவே நடத்தும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும். ஆரக்கிளில் அட்டவணையின் ஒரு நெடுவரிசையில் எதுவும் நிரப்பாமல் விட்டாலும், காலியான சரத்தைப் போட்டாலும், "இது நல்-ஆ" என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும். அதை நம்பி எழுதிய நிபந்தனைகள் போஸ்ட்கிரெஸில் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், சத்தமில்லாமல் வேறு விடையைத் தரும். புரொசீஜர் ஓடும், அறிக்கையும் வரும், எண்ணிக்கை மட்டும் மாறியிருக்கும். இதைப் பிடிக்க அவருடைய குழு, ஒரே உள்ளீட்டைப் பழைய புரொசீஜருக்கும் புதியதற்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடும் ஒரு சோதனைத் தொகுப்பை எழுதியது. கட்ஓவருக்கு முன் இரண்டு அமைப்புகளையும் ஒரே நேரத்தில் இணையாக ஓட்டினார்கள். கடைசியில் சேவை நின்றது 40 நிமிடம்.

இவ்வளவும் பழைய ஐந்து பக்கத்தில் எங்கும் இல்லை! புதிய வரிகள் இப்படி வந்தன:

"4 டெராபைட் ஆரக்கிள் டேட்டாபேஸை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றினேன், கட்ஓவரில் சேவை நின்றது 40 நிமிடம்."

"சுமார் 600 பிஎல்/எஸ்க்யூஎல் புரொசீஜர்களின் மாற்றத்துக்குப் பொறுப்பு; கருவியால் மாறாத கால் பங்கைக் குழுவோடு சேர்ந்து எழுதினேன்."

"பழைய, புதிய புரொசீஜர்களின் விடைகளை ஒப்பிடும் சோதனைத் தொகுப்பை உருவாக்கினேன், நல்–காலிச் சர வேறுபாட்டால் வந்த மறைமுகப் பிழைகளைக் கட்ஓவருக்கு முன்பே பிடித்தோம்."

மூன்றாவது வரியைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்த வேலையைக் கையால் செய்யாதவருக்கு அந்தப் பிழையைப் பற்றி எழுதத் தோன்றாது. செய்தவர் படித்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். "ஹேண்ட்ஸ்-ஆன்" என்று ரெஸ்யூமேயில் பத்து முறை எழுதுவதைவிட இப்படி ஒரு வரி அதிகம் சொல்லும். எண்களிலும் ஒரு எச்சரிக்கை: வாயால் விளக்க முடிந்த எண்ணை மட்டுமே எழுத வேண்டும். 40 நிமிடம் என்று எழுதினால், "அந்த நாற்பது நிமிடத்தில் என்னென்ன நடந்தது?" என்று கேட்பார்கள்.

முன்னுரையும் மாறியது. "27 ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் கொண்ட ஐ.டி. தலைவர்" என்பது போய், "ஒன்பது வருடமாக ஆரக்கிள்–போஸ்ட்கிரெஸ் மைக்ரேஷன்களைத் திட்டமிட்டு, கோட் எழுதி, கட்ஓவர் வரை நடத்தும் டேட்டாபேஸ் பொறியாளர். முன்பு வங்கியில் மையக் கணக்குத் தரவு இடமாற்றம்" என்று வந்தது. "பத்து வருடத்துக்கும் மேல்" என்று போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். 2016-லிருந்து எண்ணினால் ஒன்பதுதான். 27 வருடம் கையில் இருப்பவர் ஒரு வருடத்தைக் கடன் வாங்குவானேன்?

படிவம் வேறு, ரெஸ்யூமே வேறு

ரெஸ்யூமே என்பது தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. விண்ணப்பப் படிவம் அப்படியல்ல. "இதுவரை பார்த்த எல்லா வேலைகளையும் தருக" என்று படிவம் கேட்டால், "மேற்கண்டவை உண்மையும் முழுமையும் ஆனவை" என்று அடியில் ஒப்புக்கொள்ளச் சொன்னால், 1998 முதல் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். மொத்த அனுபவம் என்ற கட்டத்தில் 27 என்றுதான் போட வேண்டும். பட்டம் பெற்ற வருடம் கட்டாயக் கட்டமாக இருந்தால் அதையும் தர வேண்டும். இந்த நிறுவனத்தின் படிவம் மொத்த அனுபவத்தை மட்டும் கேட்டது. அவர் 27 என்றே போட்டார். ஆகவே வயதை யாரிடமிருந்தும் மறைக்கவில்லை, அது நோக்கமும் இல்லை. அரசுப் பதவி, பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலை, கல்வித்துறைப் பதவி போன்றவற்றுக்கு முழு வரலாறே கேட்கப்படும். அங்கே இந்த வெட்டு வேலைக்கு இடமில்லை.

ஆன்லைன் புரொஃபைலில் அவர் எதையும் அழிக்கவில்லை. பழைய வேலைகளின் விளக்கங்களை மட்டும் எடுத்துவிட்டு, பதவியையும் தேதியையும் விட்டுவைத்தார். ரெஸ்யூமேயில் உள்ள எந்தத் தேதியும் அங்கே உள்ளதோடு மோதக்கூடாது. அங்கே கூடுதலாக இருப்பதில் தவறில்லை.

அனுப்பிய பிறகு

பணப் பரிவர்த்தனை நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. முதல் சுற்றில் பெரும்பகுதி கட்ஓவர் பற்றியும், விடைகளை ஒப்பிடும் சோதனைத் தொகுப்பு பற்றியும். "மேனேஜரா இருந்திருக்கீங்களே, இப்ப ஏன் இது?" என்ற கேள்வியும் வராமல் இல்லை, வந்தது நடுவில், ஒரு வரியைப் பார்த்துக் கேட்டது. 2016-லேயே தானாகக் கேட்டுத் திரும்பியதாகவும், அன்றிலிருந்து இதையே செய்வதாகவும் சொன்னார். மேலே இருந்த ஒன்பது வருடமும் அதற்குச் சாட்சியாக இருந்ததால் பேச்சு அதோடு நகர்ந்தது. முன்பெல்லாம் உரையாடலே அங்கேதான் தொடங்கி அங்கேயே முடிந்துகொண்டிருந்தது.

இறுதிச் சுற்று வரை போய், அந்த வேலை வேறொருவருக்குக் கிடைத்தது. ரெஸ்யூமேயால் ஆகக்கூடியது சரியான அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைப்பது வரைதான். அதன் பிறகு வந்த அழைப்புகளில் டெலிவரி தலைவர் பதவி ஒன்றுகூட இல்லை, எல்லாமே மைக்ரேஷன் வேலைகள். அவற்றில் ஒன்றில் சேர்ந்தார்.

அந்த ஐந்து பக்கத்தை அவர் தூக்கிப்போடவில்லை. வெட்டிய 124 பழைய வரிகளும் தேதி, பதவி, மேலாளர் விவரங்களோடு ஒரு தனிக் கோப்பில் இருக்கின்றன. முழு வரலாறு கேட்கும் படிவங்களை நிரப்ப அதுதான் ஆதாரம். இடையில் ஒரு வங்கியிலிருந்து தரவு இடமாற்றப் பதவிக்கு அறிவிப்பு வந்தபோது அதே கோப்பிலிருந்து இன்னொரு ரெஸ்யூமே எடுத்தார். அதில் 2005–2009 தேதியோடு மேலே ஏறி ஆறு வரி வாங்கிக்கொண்டது. சில்லறை வணிகத்தின் டேட்டா அளவுகள் இரண்டு வரிக்கு இறங்கின. டெலிவரி மேலாளர் பதவி அதிலும் அரை வரிதான்.